யூரியா போட்டால் கொழுந்து கூடுமா? பி மதிப்பும் நம்பிக்கை இடைவெளியும் சொல்வது என்ன

"பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிட்டது, ஆகவே நிரூபணம் ஆகிவிட்டது." கல்லூரி ஆய்வேட்டிலும் செய்திக் கட்டுரையிலும் விவசாயக் கூட்டத்திலும் இந்த வாக்கியம் அப்படியே வருகிறது. 0.05-க்கு மேலே வந்தால் "விளைவே இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. அந்தத் தவறை நம்பி உரத்துக்குக் காசு செலவழிக்கிறவர்கள் இருப்பதால், ஒரே ஒரு கணக்கை எடுத்து அடி முதல் நுனி வரை பார்த்துவிடலாம்.

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலைத் தோட்டங்களை மனதில் வைத்துக்கொள்வோம். கேள்வி இதுதான்: ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா கூடுதலாகப் போட்டால் பச்சைத் தேயிலை எத்தனை கிலோ கூடும்? ஒரு மூட்டை 45 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் மூட்டைக்கு 20.7 கிலோ தழைச்சத்து மண்ணுக்குப் போகிறது. கீழே வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நாமே அமைத்தவை. ஏதோ ஒரு கணக்கெடுப்பின் முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## பன்னிரண்டு தோட்டங்கள், ஒரு கோடு

பன்னிரண்டு தோட்டங்கள். வருடத்துக்கு ஏக்கருக்கு 2, 3, 4, 5 மூட்டை போட்டவை மும்மூன்று. ஏக்கருக்குக் கிடைத்த இலை, கிலோவில்:

2 மூட்டை: 3500, 3900, 3700
3 மூட்டை: 3600, 4200, 3900
4 மூட்டை: 3700, 4000, 4300
5 மூட்டை: 3800, 4500, 4300

இந்தப் புள்ளிகளுக்கு நடுவே, எல்லாப் புள்ளிகளுக்கும் கூடுமானவரை நெருக்கமாகப் போகிற ஒரு நேர்கோட்டை இழுப்பதுதான் ரெக்ரஷன். அந்தக் கோட்டின் சாய்வுக்குப் பெயர் கெழு. மூட்டை ஒன்று கூடும்போது இலை சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்பதை அது சொல்கிறது. ஆர் மென்பொருளில் இப்படி எழுத வேண்டும்:

```r
mootai <- rep(2:5, each = 3)
ilai <- c(3500,3900,3700, 3600,4200,3900,
          3700,4000,4300, 3800,4500,4300)
m <- lm(ilai ~ mootai)
summary(m)
confint(m)
```

கெழு 160 என்று வரும். இந்தப் பன்னிரண்டு தோட்டங்களில் மூட்டைக்கு 160 கிலோ. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை, அது வெறும் கூட்டல் கழித்தல். இந்தப் பன்னிரண்டைத் தாண்டி, இதே மாதிரியான மற்ற தோட்டங்களைப் பற்றியும் 160 எதையாவது சொல்கிறதா என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

## 160 எவ்வளவு ஆடும்?

2 மூட்டை வரிசையைப் பாருங்கள். ஒரே அளவு யூரியா போட்டும் ஒருவருக்கு 3500, இன்னொருவருக்கு 3900. சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது, செடிக்கு என்ன வயது, சில்வர் ஓக் நிழல் எவ்வளவு, கொழுந்து எடுக்க ஆள் நேரத்துக்குக் கிடைத்தார்களா என்று ஆயிரம் காரணம். கோட்டிலிருந்து தோட்டங்கள் இப்படி விலகி நிற்கும் அளவு நம் கணக்கில் சுமார் 266 கிலோ.

இப்படிச் சிதறி நிற்கும் தோட்டங்களில் வேறு பன்னிரண்டை எடுத்திருந்தால் கெழுவும் வேறாக வந்திருக்கும், 90 என்றோ 210 என்றோ. அது வழக்கமாக எவ்வளவு ஆடும் என்பதன் அளவுதான் திட்டப் பிழை. இதைக் கையாலேயே கணக்கிடலாம். மூட்டைகளின் சராசரி 3.5. ஒவ்வொரு தோட்டமும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, விலகலை வர்க்கம் ஆக்கிக் கூட்டினால் 15 வரும். 266-ஐ 15-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 68.6. இதுதான் திட்டப் பிழை.

பி மதிப்பும் நம்பிக்கை இடைவெளியும் 160, 68.6 என்ற இந்த இரண்டு எண்களிலிருந்தே பிறக்கின்றன. இரண்டும் ஒரே மாவில் சுட்டவை என்பதால், ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்க வழியில்லை.

## பி மதிப்பு: சீட்டைக் குலுக்கிப் பார்ப்பது

யூரியாவுக்கும் இலைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் 3500 கிலோ எடுத்த தோட்டம் 2 மூட்டை போட்டாலும் 5 மூட்டை போட்டாலும் 3500-தான் எடுத்திருக்கும். ஆகவே பன்னிரண்டு விளைச்சலையும் பன்னிரண்டு சீட்டில் எழுதிக் குலுக்கி, எந்தத் தோட்டத்துக்கு எது வந்தாலும் சரி என்று பங்கிட்டுவிடலாம். பங்கிட்டபின் மறுபடி கோடு இழுத்தால் ஒரு கெழு வரும். சில சமயம் 30, சில சமயம் −75, எப்போதாவது 170.

இதைப் பத்தாயிரம் தடவை செய்ய இரண்டு வரி போதும்:

```r
s <- replicate(10000, coef(lm(ilai ~ sample(mootai)))[2])
mean(abs(s) >= 159.9)
```

கூட்டலாகவோ கழித்தலாகவோ 160 அல்லது அதற்கு மேல் எத்தனை பங்கு தடவை வந்தது என்பது விடை. 0.04-க்கும் 0.05-க்கும் இடையில் ஒரு எண் வரும். `summary(m)` சூத்திரத்தின் வழியாக 0.042 என்று தருவதும் ஏறக்குறைய இதே எண்தான்.

பி மதிப்பு என்பது இவ்வளவுதான்: சம்பந்தமே இல்லாத உலகத்தில், நமக்குக் கிடைத்த அளவு பெரிய கெழுவோ அதைவிடப் பெரியதோ தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு. இங்கே அது நூற்றுக்கு நாலு.

"இது தற்செயலாக வந்திருக்க 4 சதவீதம்தான் வாய்ப்பு, ஆகவே யூரியா வேலை செய்கிறது என்பதற்கு 96 சதவீதம் வாய்ப்பு" என்று இதைத் திருப்பிப் படிக்கக் கூடாது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸை வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். ரோடு சரியாக இருக்கும் நாட்களில் நூற்றுக்கு நாலு நாள்தான் பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிறது என்று கொள்வோம். மண் சரிவு நூறு நாளில் ஒரு நாள், அன்று பஸ் கட்டாயம் தாமதம். ஆயிரம் நாள் கணக்குப் போட்டால் மண் சரிவால் 10 நாள் தாமதம், சாதாரண நாட்களான 990-இல் சுமார் 40 நாள் தாமதம். மொத்தம் 50. இன்று பஸ் தாமதம் என்றால் காரணம் மண் சரிவாக இருக்க வாய்ப்பு ஐம்பதுக்குப் பத்து, அதாவது 20 சதவீதம். 96 எங்கே, 20 எங்கே! மண் சரிவு எவ்வளவு அபூர்வம் என்பது தெரியாமல் அந்த வாய்ப்பைச் சொல்லவே முடியாது. பி மதிப்புக்கும் அது தெரியாது. "சம்பந்தம் இல்லை" என்று முதலிலேயே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, அந்தக் கருத்தே உண்மையா பொய்யா என்பதற்கு வாய்ப்பு தராது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது.

0.05 என்ற எல்லைக்கும் தனி மகிமை கிடையாது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உரச் சோதனைகளை அலசிக்கொண்டிருந்த ரொனால்ட் ஃபிஷர், இருபதுக்கு ஒன்று என்பது வசதியான எல்லை என்று 1925-இல் எழுதினார். வசதிக்கு வைத்த கோட்டைத்தான் இன்று தீர்ப்பாக நினைக்கிறோம்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: 0.042 என்பது பூஜ்யம் என்ற ஒரே ஒரு கெழுவைப் பற்றிய தகவல். பூஜ்யம் நம் தரவோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்கிறது. அப்படியானால் எந்தக் கெழு ஒத்துப்போகிறது என்று அது சொல்லவில்லை.

## நம்பிக்கை இடைவெளி: எல்லாக் கெழுவிடமும் அதே கேள்வி

பூஜ்யத்தோடு ஏன் நிறுத்த வேண்டும்? உண்மைக் கெழு 50 என்று வைத்துக்கொண்டு அதே சோதனையைச் செய்யலாம். 160-க்கும் 50-க்கும் வித்தியாசம் 110. அதைத் திட்டப் பிழையால் வகுத்தால் 1.60, பி மதிப்பு சுமார் 0.14. அதாவது 50 தரவோடு தாராளமாக ஒத்துப்போகிறது. 300-ஐச் சோதித்தால் சுமார் 0.07, அதுவும் தாக்குப்பிடிக்கிறது. 320-ஐச் சோதித்தால் 0.042. பூஜ்யத்துக்கு வந்த அதே எண்! காரணம் எளிது. 160-இலிருந்து பூஜ்யம் எவ்வளவு தூரமோ 320-உம் அதே தூரம். "விளைவே இல்லை" என்பதைத் தள்ளிவிடும் இந்தத் தரவு, "மூட்டைக்கு 320 கிலோ" என்பதையும் அதே பலத்தோடு தள்ளுகிறது. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் பி மதிப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

இப்படி ஒவ்வொரு எண்ணாகச் சோதித்து, 0.05-க்கு மேல் பி மதிப்பு பெற்றவற்றை எல்லாம் சேர்த்து வைத்தால் அதுவே 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. உண்மையில் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை. பன்னிரண்டு தோட்டங்களுக்குரிய பெருக்கு எண் 2.228. தோட்டங்கள் ஏராளமாக இருந்தால் அது 1.96-ஐ நெருங்கும். 2.228-ஐ 68.6-ஆல் பெருக்கினால் 153. 160-இலிருந்து 153-ஐக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் 7 முதல் 313 வரை.

95 சதவீதம் என்பது இந்தக் குறிப்பிட்ட இடைவெளிக்குத் தரும் உத்தரவாதமா? இல்லை, செய்முறைக்குத் தரும் உத்தரவாதம். இதே மாதிரி பன்னிரண்டு தோட்டங்களைத் திரும்பத் திரும்பப் புதிதாக எடுத்து ஒவ்வொரு தடவையும் இடைவெளி போட்டால், நூறில் சுமார் 95 இடைவெளிகள் உண்மைக் கெழுவை உள்ளே பிடித்திருக்கும். உண்மைக் கெழு அசையாது, இடைவெளிதான் தடவைக்குத் தடவை நகரும். நம் கையில் இருக்கும் 7–313 பிடித்த 95-இல் ஒன்றா, தவறவிட்ட ஐந்தில் ஒன்றா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இடைவெளிக்கு உள்ளேயும் எல்லா எண்ணும் சமம் இல்லை. நடுவிலிருக்கும் 160-தான் தரவோடு அதிகம் ஒத்துப்போவது, ஓரத்துக்குப் போகப்போக ஒப்புதல் குறையும். 6 கூடாது, 8 ஆகும் என்பது போன்ற வேலி எதுவும் அங்கே இல்லை.

## காசுக் கணக்கு

இலை கிலோ 20 ரூபாய், பறிப்புக் கூலியும் ஏற்றுக்கூலியும் 8 ரூபாய் என்று வைத்தால் கையில் நிற்பது 12. ஒரு மூட்டை யூரியா, மலை ஏற்றிக் கொண்டுவரும் செலவு, தூவும் கூலி எல்லாம் சேர்ந்து 600 ரூபாய் என்போம். போட்ட காசு திரும்ப மூட்டைக்கு 50 கிலோ கூட வேண்டும்.

இப்போது இடைவெளியைப் பாருங்கள். உண்மை 313 என்றால் மூட்டைக்கு 3,156 ரூபாய் லாபம். 7 என்றால் 516 ரூபாய் நஷ்டம். இடைவெளி முழுவதும் பூஜ்யத்தைத் தாண்டியதும் "சிக்னிஃபிகன்ட்" என்று கொண்டாடுகிறோம், ஆனால் விவசாயிக்குப் பூஜ்யம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு 50 வேண்டும். அந்த 50 இடைவெளிக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்தத் தரவை வைத்து "போடு" என்றும் சொல்ல முடியாது, "போடாதே" என்றும் சொல்ல முடியாது. 0.042-ஐ மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது.

## கவாத்தை மறந்தால்

மேலே போட்ட கணக்கு எல்லாம், யூரியாவைத் தவிர மற்றவை தோட்டங்களுக்குள் கண்டபடி சிதறிக் கிடக்கின்றன என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மலையில் அப்படி இருப்பதில்லை. தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். அந்த வருடம் இலை குறையும். வருமானம் குறைகிற வருடத்தில் உரமும் குறைத்துப் போடுவது இயல்பு.

நம் பன்னிரண்டில் நாலு தோட்டம் அந்த வருடம் கவாத்து ஆனவை என்று வைப்போம்: 2 மூட்டையில் 3500-உம் 3700-உம், 3 மூட்டையில் 3600, 4 மூட்டையில் 3700. கவாத்தை இரண்டாவது காரணியாகச் சேர்த்தால்:

```r
kavathu <- c(1,0,1, 1,0,0, 1,0,0, 0,0,0)
m2 <- lm(ilai ~ mootai + kavathu)
confint(m2)
```

யூரியாவின் கெழு 160-இலிருந்து 81-க்கு இறங்கிவிடுகிறது. பி மதிப்பு 0.21. இடைவெளி −56 முதல் 217 வரை. முன்பு யூரியாவின் கணக்கில் வரவு வைத்த இலையில் பாதி, உண்மையில் கவாத்து ஆகாத செடியின் இலை. முதல் கணக்கின் 0.042-ஓ 7–313-ஓ இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்கவும் முடியாது. தற்செயலால் வரும் ஆட்டத்தை மட்டுமே அவை அளக்கின்றன. விட்டுப்போன காரணியால் வரும் சாய்வு அவற்றின் கண்ணுக்குப் படாது.

இங்கே இரண்டாவது தவறும் காத்திருக்கிறது. "0.21 வந்துவிட்டது, யூரியாவால் பயன் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். இடைவெளியை மறுபடி பாருங்கள்: 50-உம் உள்ளே, 160-உம் உள்ளே, பூஜ்யமும் உள்ளே. தெரியவில்லை என்பதுதான் நேர்மையான விடை. பயன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் இடைவெளி முழுவதும் 50-க்குக் கீழே, உதாரணத்துக்கு −20 முதல் 30 வரை, ஒடுங்கி வந்திருக்க வேண்டும்.

மூட்டை 2 முதல் 5 வரை மட்டுமே நம் தரவு என்பதையும் மறக்கக் கூடாது. 8 மூட்டை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கோட்டில் பதில் கிடையாது.

## வரிசையைப் பெருக்கினால் பி மதிப்பு ஏமாற்றும்

பி மதிப்பு சிறியதாக வர ஒரு குறுக்குவழி உண்டு. தெரியாமலே நிறையப் பேர் அதில் விழுகிறார்கள். மேலே உள்ள பன்னிரண்டு வரிசையையும் அப்படியே நகலெடுத்து 24 ஆக்கிப் பாருங்கள். கெழு அதே 160. திட்டப் பிழை 68.6-இலிருந்து 46-க்கு இறங்கும், பி மதிப்பு 0.042-இலிருந்து 0.002 ஆகும். புதிதாக ஒரு தோட்டம்கூடப் பார்க்கவில்லை!

யாரும் வேண்டுமென்றே நகலெடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு பறிப்புச் சுற்றையும் தனி வரிசையாகப் பதிந்து, பன்னிரண்டு தோட்டத்தை முந்நூறு வரிசை ஆக்கிக் கோடு இழுப்பது கிட்டத்தட்ட இதேதான். வடக்குச் சரிவில் இருக்கும் தோட்டம் எல்லாச் சுற்றிலும் வடக்குச் சரிவில்தான் இருக்கும். ஒரு முறை விலகியது ஒவ்வொரு சுற்றிலும் அதே பக்கம் விலகும். மென்பொருள் இவற்றை முந்நூறு தனித்தனிச் சாட்சிகள் என்று நம்பிவிடுகிறது. யூரியாவின் அளவு தோட்டத்துக்குத் தோட்டம்தான் மாறுகிறது, சுற்றுக்குச் சுற்று மாறவில்லை என்றால் எண்ண வேண்டியது தோட்டங்களை. ஓர் அறிக்கையில் நம்ப முடியாத அளவு ஒடுங்கிய இடைவெளியைக் கண்டால், அதன் வரிசைகளுக்குப் பின்னால் எத்தனை தோட்டம், எத்தனை வீடு, எத்தனை ஆள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

## இடைவெளியை நியாயமாக ஒடுக்குவது

தோட்டங்களைக் கூட்டலாம், ஆனால் அது மெதுவாகவே பலன் தரும். திட்டப் பிழை பாதியாக வேண்டுமானால் தோட்டம் நாலு மடங்காக வேண்டும். பன்னிரண்டு 48 ஆனால்தான் 68.6 சுமார் 34 ஆகும்.

மூட்டையின் பரவலைக் கூட்டுவது செலவில்லாத வழி. பன்னிரண்டு தோட்டத்தில் ஆறுக்கு 2 மூட்டை, ஆறுக்கு 5 மூட்டை என்று கொடுத்திருந்தால், மேலே 15 என்று வந்த கூட்டல் 27 ஆகியிருக்கும். சிதறல் மாறாமல் இருந்தால் திட்டப் பிழை 51-க்கு இறங்கும். நடுவில் கோடு வளைகிறதா என்பது மட்டும் தெரியாமல் போகும். மூன்று மூட்டைக்கு மேல் பலன் மங்குகிறது என்ற சந்தேகம் இருந்தால் இந்த வழி ஆகாது.

கவாத்துச் சிக்கலுக்கு எண்ணிக்கையும் பரவலும் மருந்தல்ல. கவாத்து ஆன தோட்டங்களை ஒரு குழு, ஆகாதவற்றை இன்னொரு குழு என்று முதலில் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் யாருக்கு எத்தனை மூட்டை என்பதைச் சீட்டுப் போட்டே முடிவு செய்ய வேண்டும். நல்ல தோட்டத்துக்கு அதிகம் கொடுக்கலாம் என்ற ஆசைக்கு அங்கே இடம் தரக் கூடாது. அப்படிச் செய்தால் பி மதிப்புக்காக நாம் கற்பனையில் குலுக்கிய சீட்டுகள் நிஜத்திலேயே குலுக்கப்பட்டவை ஆகிவிடும். கணக்கிடும்போதும் கவாத்தைக் காரணியாகச் சேர்த்துக்கொண்டு, வருகிற நம்பிக்கை இடைவெளியை 50 கிலோவோடு ஒப்பிட்டால் போதும்.